சங்கமா, ட்ரஸ்டா? கொழும்பில் பதிவு, யாப்பு, அங்கத்தவர் பட்டியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருபது பேர் சேர்ந்து கொட்டாஞ்சேனையில் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்கிக் கொடுக்கிறோம். இதைச் சங்கமாகப் பதிவதா, ட்ரஸ்டாகப் பதிவதா?

உங்கள் கையில் இருப்பது ஆட்களா, சொத்தா என்று முதலில் பாருங்கள். மாதம் மாதம் சந்தா போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பேசி, வேலையைப் பங்கிட்டுச் செய்கிறவர்கள் என்றால் உங்களுக்குப் பொருந்துவது சங்கம். அதில் பொதுச்சபை நிர்வாகத்தைத் தெரிவு செய்யும், பிடிக்காவிட்டால் மாற்றும். ஒருவர் ஒரு வீட்டையோ பெரிய தொகையையோ ஒதுக்கி, 'இதன் வருமானத்தில் பிள்ளைகள் படிக்கட்டும்' என்று நிரந்தரமாக எழுதிவைக்க விரும்பினால் அது நம்பிக்கைப் பொறுப்பு, அதாவது ட்ரஸ்ட். அங்கே அங்கத்தவரும் இல்லை, வருடாந்தத் தேர்தலும் இல்லை. உறுதியில் எழுதியபடி நம்பிக்கையாளர்கள் நடத்துவார்கள்.

இரண்டையும் கலந்து செய்வதுதான் பின்னால் வழக்காகிறது. ட்ரஸ்ட் உறுதியை எழுதிவிட்டு வருடாவருடம் 'பொதுக்கூட்டம்' வைத்துப் புதிய நம்பிக்கையாளர்களைத் தெரிவு செய்தால், உறுதியில் அந்த அதிகாரம் கூட்டத்துக்குக் கொடுக்கப்படாதவரை அந்தத் தெரிவு நிற்காது. பழைய நம்பிக்கையாளர்களே சட்டப்படி பொறுப்பில் இருப்பார்கள். உங்களைப் போன்ற இருபது பேருக்கு எங்கள் பரிந்துரை சங்கம். நாளைக்குக் காணியோ கட்டடமோ வந்தால் அதற்கு மட்டும் ஒரு நம்பிக்கைப் பொறுப்பை எழுதலாம்.

சங்கம் என்றால் எங்கே போய்ப் பதிவது?

பெரும்பாலும் பிரதேச செயலகத்தில். வறியவர்கள், நோயாளர்கள், அநாதைகள், மாற்றுத்திறனாளிகள், அனர்த்தத்தில் சிக்கியவர்கள் ஆகியோருக்கு உதவுவதை முதன்மை நோக்கமாகக் கொண்ட அமைப்புகளைப் பதிவதற்கென்றே 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன் பெயர் தொண்டர் சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்தலும் மேற்பார்வை செய்தலும் பற்றிய சட்டம். 1998இல் 8ஆம் இலக்கச் சட்டத்தால் அது திருத்தப்பட்டது.

எந்தக் கந்தோர் என்பதை நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் என்றால் அந்தப் பிரதேச செயலகம். ஒன்றுக்கு மேற்பட்ட பிரிவுகள், ஆனால் ஒரே மாவட்டம் என்றால் மாவட்டச் செயலகம். ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்கள் என்றால் அரசார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம்.

கொழும்பில் இது பலரைத் தடுமாற வைக்கும் இடம். கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் கொழும்புப் பிரதேச செயலகப் பிரிவு. வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் திம்பிரிகஸ்யாயப் பிரிவு. இரண்டு பக்கமும் வேலை செய்வதாக யாப்பில் எழுதினால் நீங்கள் போக வேண்டிய இடம் நாரஹேன்பிட்டியிலுள்ள மாவட்டச் செயலகம். நுவரெலியாவில் ஒரு தோட்டப் பாடசாலைக்கும் உதவுவோம் என்று ஒரு வரி சேர்த்தால் அது தேசிய செயலகத்துக்குரிய விண்ணப்பமாகிவிடும். ஆகையால் 'இலங்கை முழுவதும்' என்று பெருமைக்காக எழுதாதீர்கள். இப்போது உண்மையில் வேலை செய்யும் எல்லையை எழுதுங்கள். விரியும்போது யாப்பைத் திருத்தி மேல்மட்டத்தில் பதியலாம்.

இன்னொரு வழி 1891ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சங்கங்கள் கட்டளைச்சட்டம். இதன்படியான பதிவாளர் கம்பனிப் பதிவாளர் நாயகமே. கந்தோர் கொழும்பு 10, டீ. ஆர். விஜேவர்தன மாவத்தை, 400ஆம் இலக்கத்திலுள்ள சமாகம் மெதுர. குறைந்தது 7 அங்கத்தவர் வேண்டும். விண்ணப்பத்தில் அந்த 7 பேரும் செயலாளரும் கையொப்பமிட வேண்டும். அங்கத்தவர்கள் தங்களுக்குள்ளே உதவிக்கொள்ளும் சங்கங்களுக்கு, அதாவது மரண உதவிச் சங்கம், சகாய நிதிச் சங்கம் போன்றவற்றுக்கு, இதுவே இயல்பான இடம். வெளியாருக்கு உதவுவதே உங்கள் வேலை என்றால் முதலில் பிரதேச செயலகத்தைக் கேளுங்கள்.

பதிவுச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் சங்கத்தின் பெயரில் காணி வாங்கலாம்தானே?

வாங்க முடியாது. பதிவு வேறு, சட்ட ஆள் என்ற தகுதி வேறு. பிரதேச செயலகச் சான்றிதழ் உங்களை அடையாளம் காட்டுகிறது, மேற்பார்வைக்குள் கொண்டுவருகிறது. சொத்து வைத்திருக்கவும் தன் பெயரில் வழக்காடவும் கூடிய தனி ஆளாக அது சங்கத்தை மாற்றாது. சங்கங்கள் கட்டளைச்சட்டத்தின் கீழும் சொத்து நம்பிக்கையாளர்களின் பெயரில்தான் இருக்கும்.

அந்தத் தகுதி வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. மற்றது நாடாளுமன்றத்தில் தனிநபர் உறுப்பினர் சட்டமூலத்தின் வழியாகக் கூட்டிணைக்கப்படுதல். இரண்டுமே சிறிய சங்கத்துக்குப் பாரமானவை. கம்பனி என்றால் ஆண்டறிக்கை, கம்பனிச் செயலாளர், கணக்காய்வு என்று நிலையான செலவு வந்துகொண்டே இருக்கும்.

நடைமுறையில் செய்யக்கூடியது இது: காணியை மூன்று அல்லது ஐந்து நம்பிக்கையாளர்களின் பெயரில் வாங்கி, அவர்கள் அதைச் சங்கத்தின் நோக்கங்களுக்காகவே வைத்திருக்கிறார்கள் என்று உறுதியிலேயே எழுதுவது. அந்த ஒரு வரி விடுபட்டால் காணிப் பதிவகத்தின் பார்வையில் அது அந்த மூவரின் சொந்தக் காணி. ஒருவர் காலமானால் அவருடைய பிள்ளைகள் பங்கு கேட்பார்கள், அதைப் பிழை என்று நிறுவும் பாரம் சங்கத்தின் தலையில் விழும்.

ட்ரஸ்ட் உறுதியில் கட்டாயம் என்ன இருக்க வேண்டும்?

1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச்சட்டம் நான்கு விடயங்களை நிச்சயமாகத் தெரியப்படுத்தச் சொல்கிறது. நம்பிக்கைப் பொறுப்பை உண்டாக்கும் எண்ணம், அதன் நோக்கம், பயன் பெறுவோர், சொத்து எது என்பது. தர்ம நோக்கம் எது என்பதை 99ஆம் பிரிவு சொல்கிறது: வறுமை நிவாரணம், கல்வி அல்லது அறிவின் வளர்ச்சி, சமய வளர்ச்சியும் சமயக் கிரியைகளின் பராமரிப்பும், இவற்றுள் அடங்காத, மனிதகுலத்துக்கு நன்மை தரும் வேறு நோக்கங்கள். உங்கள் நோக்கவாசகத்தை இந்தச் சொற்களோடு பொருத்தியே எழுதுங்கள். 'எமது குடும்பத்தாரின் பிள்ளைகளின் கல்விக்காக' என்று எழுதினால் அது குடும்ப ஏற்பாடு, தர்மம் ஆகாது.

காணியோ வீடோ உள்ளே வந்தால் பிரசித்த நொத்தாரிசின் முன்னிலையில் எழுதிய உறுதியோ இறுதி விருப்பாவணமோ கட்டாயம். வெறும் கடதாசியில் கையொப்பமிட்டது செல்லாது. காசு மட்டும் என்றால் எழுத்தில் கையொப்பமிட்ட ஆவணமே சட்டத்துக்குப் போதும். ஆனாலும் நொத்தாரிசிடமே போங்கள், வங்கியில் கேள்வி குறையும்.

உறுதிகளில் அடிக்கடி விடுபடுவது நம்பிக்கையாளர் இறந்தால், வெளிநாடு போய் நிரந்தரமாகத் தங்கினால், நோயால் இயலாமற்போனால் அடுத்தவரை நியமிப்பது யார் என்ற வாசகம். அது இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் வரை போக நேரலாம். 'எஞ்சியுள்ள நம்பிக்கையாளர்கள் 90 நாட்களுக்குள் எழுத்தில் நியமிக்க வேண்டும். எண்ணிக்கை ஒருபோதும் மூன்றுக்குக் குறையக்கூடாது' என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

சங்கப் பதிவுக்கு எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது?

முதலில் யாப்பின் வரைவு. அதைக் கூட்டத்துக்கு ஒரு வாரமாவது முன்னரே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். பிறகு அங்குரார்ப்பணக் கூட்டம். அதில் யாப்பை ஏற்கும் தீர்மானம், அதன்பின் அந்த யாப்பின்படி நிர்வாகக் குழுத் தெரிவு, அதன்பின் பதிவுக்கு விண்ணப்பிக்கும் தீர்மானம், கடைசியாக வங்கிக் கணக்குத் திறக்கும் தீர்மானம். இந்த வரிசை முக்கியம். யாப்பை ஏற்பதற்கு முன்னரே தலைவரைத் தெரிவு செய்திருந்தால், எந்த விதியின்படி தெரிவு செய்தீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இராது.

கூட்டறிக்கையில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் வேண்டும். வருகைப் பதிவில் எல்லோரும் அன்றைக்கே கையொப்பமிட வேண்டும். பின்னர் வீடு வீடாகப் போய்க் கையொப்பம் வாங்கினால், ஊரில் இல்லாத ஒருவரின் பெயரும் தப்பித்தவறி உள்ளே வந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் கிராம உத்தியோகத்தரிடம் போவது. சங்கத்தின் முகவரி அவருடைய பிரிவுக்குள் இருப்பதை அவர் உறுதிப்படுத்துவார். விண்ணப்பப் படிவம், யாப்பு, கூட்டறிக்கையின் பிரதி, பதவியினர் பட்டியல், அங்கத்தவர் பட்டியல், அந்த ஆண்டுக்கான செயற்றிட்டம் எல்லாவற்றையும் ஒரே கோவையில் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் செயலாளர் கையொப்பமும் முத்திரையும் இட்டுக் கொடுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் அவர்களுடைய ஆவணப் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கந்தோருக்குக் கந்தோர் ஒன்றிரண்டு ஆவணங்கள் கூடக்குறைய இருக்கும்.

கொடுப்பதற்கு முன் மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பாருங்கள்: கூட்டறிக்கை, பதவியினர் பட்டியல், அங்கத்தவர் பட்டியல். பொருளாளரின் பெயர் மூன்றிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா? யாப்பு ஏற்கப்பட்ட திகதி யாப்பின் கடைசிப் பக்கத்திலும் கூட்டறிக்கையிலும் ஒன்றுதானா? யாப்பில் நிர்வாகக் குழு 11 பேர் என்றால் பட்டியலில் 11 பேர் இருக்கிறார்களா? கோவை திரும்பி வருவதற்கு இவைதான் வழமையான காரணங்கள்.

இணையத்தில் ஒரு யாப்பு கிடைத்தது. பெயரை மாற்றிப் போட்டால் சரிதானே?

தமிழில் இணையத்தில் கிடைப்பவற்றில் பல தமிழ்நாட்டுச் சங்கங்களுடையவை. அவை அங்கேயுள்ள 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்படி எழுதப்பட்டவை. 'மாவட்டப் பதிவாளர்', 'படிவம்', 'நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை' என்று வருவதெல்லாம் அந்த ஊர் நடைமுறை. அப்படியே எடுத்துப் போட்டால், இல்லாத ஒரு அதிகாரிக்கு நீங்களே உங்களைக் கட்டுப்படுத்திக்கொள்வீர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் நோக்கவாசகம். 'அங்கத்தவர்களினதும் மக்களினதும் கல்வி, கலை, கலாசார, சமூக, பொருளாதார மேம்பாட்டுக்காகப் பாடுபடுதல்' என்ற வாசகத்தை எடுத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'அங்கத்தவர்களினதும்' என்ற சொல் வந்ததும் இது தர்மமா, அங்கத்தவர் நலனா என்ற சந்தேகம் எழும். 'பொருளாதார' என்றதும் நாளைக்கு யாரோ ஒருவர் சங்கக் காசில் கடன் கொடுக்கத் தொடங்கலாம், யாப்பு தடுக்காது.

அதையே இப்படி எழுதலாம்: 'கொழும்புப் பிரதேச செயலகப் பிரிவில் வாழும் வருமானம் குறைந்த குடும்பங்களின் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்றல் உபகரணம், சீருடை, சப்பாத்து, பரீட்சைக் கட்டணம் ஆகியவற்றை வழங்குதல், அனர்த்த காலத்தில் அக்குடும்பங்களுக்கு உலருணவு வழங்குதல்.' இதில் யாருக்கு, எங்கே, என்ன என்பது மூன்றும் இருக்கிறது. கணக்காய்வாளர் ஒரு செலவைப் பார்த்ததும் அது நோக்கத்துக்குள் வருகிறதா என்று சொல்லிவிடலாம்.

கூட்ட நடப்பெண் எத்தனை என்று போடுவது?

கூட்டம் செல்லுபடியாவதற்கு ஆகக் குறைந்தது எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்பதே நடப்பெண். யாப்பிலே நாங்கள் ஆகக் கூடுதலான கவனம் செலுத்தச் சொல்வது இந்த ஒரு வரிக்குத்தான். ஒரு கணக்கோடு பார்த்தால் காரணம் தெரியும்.

ஒரு சங்கத்தின் பட்டியலில் 64 பெயர். யாப்பில் 'மொத்த அங்கத்தவரில் மூன்றில் ஒன்று' என்று இருக்கிறது. 64இல் மூன்றில் ஒன்று 21.33, ஆக 22 பேர் வர வேண்டும். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்கள் 19. கூட்டம் செல்லாது, புதிய நிர்வாகம் இல்லை, வங்கியில் கையொப்பம் மாற்ற முடியாது.

அந்த 64ஐப் பிரித்துப் பாருங்கள். 3 பேர் காலமாகிவிட்டார்கள். 5 பேர் இரண்டு தடவை பதியப்பட்டிருக்கிறார்கள். ஆக உண்மையான ஆட்கள் 56. அதில் 8 பேர் இரண்டு வருடமாகச் சந்தா கட்டவில்லை. 'சந்தா நிலுவையில்லாத, வாக்குரிமையுள்ள அங்கத்தவரில் மூன்றில் ஒன்று' என்று யாப்பில் எழுதி, பட்டியலையும் நேரகாலத்துக்குத் துப்பரவு செய்திருந்தால் கணக்கு 48இலிருந்து தொடங்கும், வேண்டியது 16 பேர். வந்த 19 பேரில் இரண்டு பேர் நிலுவைக்காரர் என்று கழித்தாலும் 17 பேர். கூட்டம் நடந்திருக்கும்.

அதற்காகக் கூட்டம் நடந்த பிறகு பட்டியலைத் திருத்திக் கணக்கை ஒப்பேற்றக்கூடாது. அது முறைகேடு, எதிர்த்தரப்பு நீதிமன்றம் போனால் நிற்காது. கூட்ட அறிவித்தல் அனுப்புவதற்கு முன்னரே நிர்வாகக் குழு கூடி, 'இந்தத் திகதியில் வாக்குரிமையுள்ளோர் இவர்கள்' என்று பட்டியலை ஏற்றுக் கூட்டறிக்கையில் பதிய வேண்டும். நிலுவையில் உள்ளவர்களுக்குக் கட்டித் தீர்க்க ஒரு கடைசித் திகதியும் எழுத்தில் கொடுங்கள். அது இல்லாமல் ஒருவரின் வாக்கைப் பறிப்பது நியாயமல்ல.

நடப்பெண் சேராத நாளுக்கும் ஒரு வழி வையுங்கள். வழமையான வாசகம் இது: அரை மணித்தியாலம் பார்த்தும் சேராவிட்டால் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம், அதே இடத்துக்கு ஒத்திவைக்கப்படும், அன்றைக்கு வந்தவர்களே நடப்பெண். ஆனால் யாப்புத் திருத்தம், சொத்து விற்பனை, சங்கத்தைக் கலைத்தல் ஆகிய மூன்றுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது என்று சேர்த்து எழுதுங்கள். இல்லையேல் மழைநாளில் வந்த ஐந்து பேர் சேர்ந்து சங்கத்தையே கலைக்கலாம்.

கூட்ட அறிவித்தல் 14 நாள் என்று இருக்கிறது. எந்த நாளிலிருந்து எண்ணுவது?

'முழுமையான 14 நாட்கள்; அறிவித்தல் அனுப்பிய நாளும் கூட்டம் நடக்கும் நாளும் சேராது' என்று யாப்பிலேயே எழுதிவிட்டால் சண்டை இல்லை. கூட்டம் 30ஆம் திகதி என்றால் 15ஆம் திகதிக்குள் அனுப்பியிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லுமா என்பதும் யாப்பில் இருக்க வேண்டும். செல்லும் என்றால் அங்கத்தவர் பட்டியலில் உள்ள இலக்கத்துக்கு அனுப்பியதே அறிவித்தலாகக் கொள்ளப்படும் என்று எழுதுங்கள்.

காசோலையில் யார் யார் கையொப்பம் வைப்பது?

பொருளாளர் கட்டாயம், அவரோடு தலைவர் அல்லது செயலாளர். மூவரில் எந்த இருவரும் என்று எழுதினால் பொருளாளருக்குத் தெரியாமலே காசு போகும். கணவன் மனைவி, உடன்பிறந்தோர் இருவரும் கையொப்பக்காரராக இருக்கக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள். பொருளாளர் கையில் வைத்திருக்கக்கூடிய காசுக்கும் ஓர் எல்லை வேண்டும், அதற்கு மேற்பட்டதை இத்தனை நாளுக்குள் வங்கியில் இட வேண்டும் என்ற கெடுவும் வேண்டும்.

சங்கத்தைக் கலைக்கும்போது மீதிக் காசை எங்களுக்குள் பிரிக்கலாமா?

கூடாது. தர்மத்துக்கென்று சேர்த்த காசு அங்கத்தவர்களுக்குத் திரும்பி வராது. கடன்களைத் தீர்த்தபின் எஞ்சுவது இதே போன்ற நோக்கமுள்ள வேறொரு பதிவு செய்யப்பட்ட அமைப்புக்குப் போகும் என்று யாப்பில் எழுதுங்கள். இந்த வாசகம் இல்லாத யாப்பைப் பார்த்தால் கொடையாளர்களும் தயங்குவார்கள்.

அங்கத்தவர் பட்டியலில் என்னென்ன நிரல் வேண்டும்?

அங்கத்துவ இலக்கம், அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், அழைக்கும் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், முகவரி, கிராம உத்தியோகத்தர் பிரிவு, தொலைபேசி, சேர்ந்த திகதி, அங்கத்துவ வகை, சந்தா எந்த மாதம் வரை, விலகிய திகதியும் காரணமும். இதற்கு மேல் வேண்டாம். பிறந்த திகதி, தொழில், சமயம் என்று கேட்டுக்கொண்டே போனால் பாதுகாக்க வேண்டிய தகவல்தான் கூடும்.

பெயர் விடயத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தந்தையின் பெயர் முன்னால் வருகிறது, சிலருக்குப் பின்னால் வருகிறது, முதலெழுத்துக்கள் வீட்டில் ஒன்று, அட்டையில் ஒன்று. 'க. சிவகுமார்', 'கே. சிவகுமார்', 'சிவகுமார் கந்தையா' மூன்றும் ஒருவரே. ஆகவே பெயரை வைத்து ஆளை அடையாளம் காண வேண்டாம். அட்டையைக் கையில் வாங்கி, பார்த்து எழுதுங்கள். தொலைபேசியில் சொல்லக் கேட்டு எழுதினால் எழுத்து மாறும்.

இறந்தவர், விலகியவர் பெயரை அழிக்கவும் வேண்டாம், அந்த இலக்கத்தை இன்னொருவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். விலகிய திகதியைப் போட்டு வரியை அப்படியே விடுங்கள். 2019இல் நடந்த கூட்டத்தில் ஒருவருக்கு வாக்குரிமை இருந்ததா என்று பின்னொரு நாள் யாராவது கேட்டால் பதில் அந்த வரியில்தான் இருக்கும்.

பழைய அட்டை இலக்கமும் புதிய இலக்கமும் கலந்து கிடக்கிறது. ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருக்கிறாரா என்று எப்படிப் பார்ப்பது?

பழையது 9 இலக்கமும் V அல்லது X எழுத்தும். புதியது 12 இலக்கம். ஒன்றை மற்றதாக மாற்றலாம். பழையதன் முன்னால் 19 சேர்த்து, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0 நுழைத்து, கடைசி எழுத்தை விட்டுவிட வேண்டும். உதாரணத்துக்கென்று ஆக்கிய 721234567V என்ற இலக்கம் 197212304567 ஆகும். எக்செலில் இலக்கம் A நிரலில் இருந்தால் B நிரலில் இப்படிப் போடுங்கள்:

```
=IF(LEN(A2)=10,"19"&LEFT(A2,5)&"0"&MID(A2,6,4),A2)
```

C நிரலில் இது:

```
=COUNTIF(B:B,B2)
```

2 அல்லது அதற்கு மேல் வரும் வரிகள் இரட்டைப் பதிவுகள். எதை வைத்திருப்பது? முதலில் சேர்ந்த திகதியுள்ள வரியை. இரண்டாவதில் கட்டிய சந்தாவை முதலாவதுக்கு மாற்றி, அதற்குக் குறிப்பு எழுதுங்கள்.

இதைச் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எக்செலில் 12 இலக்க எண்ணைச் சும்மா தட்டினால் அது 1.97212E+11 என்று சுருங்கிக் காட்டும். அப்படியே அச்சிட்டுக் கொடுத்த பட்டியல்களும் உண்டு. தொலைபேசி இலக்கத்தின் முன்னாலுள்ள 0வும் காணாமற்போகும். இரண்டு நிரல்களையும் தட்டத் தொடங்குவதற்கு முன்னரே `Text` என்று மாற்றிவிடுங்கள். இலக்கத்துக்கு முன்னும் பின்னும் வெற்றிடம் விழுந்தால் LEN கணக்கும் பிழைக்கும்.

பிழையாகத் தட்டியதைப் பிடிக்கவும் ஒரு வழி உண்டு. புதிய இலக்கத்தின் 5ஆம், 6ஆம், 7ஆம் இலக்கங்கள் வருடத்தில் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எல்லா வருடத்துக்கும் 366 நாள் என்றே கணக்கு. மேலேயுள்ள 123 என்பது மே 2. அந்த மூன்று இலக்கம் 366க்கும் 501க்கும் இடையில் விழுந்தாலோ, 866ஐத் தாண்டினாலோ, அல்லது ஓர் அம்மாவின் பெயருக்கு எதிரே 500க்குக் குறைவாக இருந்தாலோ தட்டியது பிழை. அட்டையை மறுபடி பாருங்கள்.

கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள்தான் கூடுதலாகக் காசு தருகிறார்கள். அவர்களையும் அங்கத்தவராகச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் தனி வகையாக. 'ஆதரவு அங்கத்தவர்' என்று ஒரு வகை வைத்து, அவர்களுக்குக் கணக்கறிக்கை பெறும் உரிமை, கூட்டத்தில் பேசும் உரிமை உண்டு, வாக்கு இல்லை, நடப்பெண் கணக்கில் சேர மாட்டார்கள் என்று எழுதுங்கள். இப்படிப் பிரிக்காவிட்டால் வெளிநாட்டிலுள்ள 30 பேர் நடப்பெண்ணைப் பெருக்கிவிட்டு வராமலே இருப்பார்கள், ஒவ்வொரு வருடமும் கூட்டம் தள்ளிப்போகும். காசு தருகிறவர்களிடம் இதை முதலிலேயே விளக்கிச் சொல்லுங்கள். மனத்தாங்கல் வராது.

வெளிநாட்டிலிருந்து வரும் காசு சங்கத்தின் கணக்குக்கே வர வேண்டும். பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு வந்து பின் மாற்றப்பட்டால், வரியிலும் வங்கியிலும் அது அவருடைய வருமானம் போலத் தோன்றும்.

எல்லாவற்றையும் தமிழிலேயே கொடுக்கலாமா?

கொடுக்கலாம். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் உத்தியோகத்தருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். வேலை விரைவாக நடக்க விரும்பினால் யாப்பின் சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றை, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு செய்து இணைக்கலாம். அப்படிச் செய்தால் யாப்பின் கடைசியில் 'மூலப்பிரதி தமிழ். வேறுபாடு இருப்பின் தமிழ்ப்பிரதியே செல்லும்' என்று எழுத மறக்காதீர்கள். மொழிபெயர்ப்பில் 'மூன்றில் இரண்டு' என்பது 'பெரும்பான்மை' ஆகிவிட்டால் எது செல்லும் என்று தெரியாமல் போகும்.

சான்றிதழ் வந்துவிட்டது. வரி விலக்கும் சேர்ந்து கிடைத்துவிடுமா?

இல்லை. வரி உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் விடயம், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை பற்றுச்சீட்டில் 'வரி விலக்குப் பெற்றது' என்று அச்சிட வேண்டாம்.

நிர்வாகம் மாறிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

கூட்டம் முடிந்த அன்றைக்கே வருகைப் பதிவும் வாக்குரிமைப் பட்டியலும் தீர்மானங்களும் ஒரே கோவையில் சேரட்டும். அடுத்த ஓரிரு வாரத்துக்குள் புதிய பதவியினர் பட்டியலைப் பதிவு செய்த கந்தோருக்குக் கடிதத்தோடு கொடுத்து, உங்கள் பிரதியில் கிடைத்ததற்கான திகதி முத்திரை வாங்குங்கள். வங்கிக்குப் போகும்போது அந்த முத்திரையிட்ட பிரதி, கூட்டறிக்கையின் உறுதிப்படுத்திய பிரதி, யாப்பு, புதியவர்களின் அடையாள அட்டைகள் வேண்டும். பழைய கையொப்பக்காரர்களும் கூட வந்தால் வேலை ஒரே தடவையில் முடியும். காசோலைப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், இறப்பர் முத்திரை, அங்கத்தவர் பட்டியலின் மூலக்கோப்பு, அதன் கடவுச்சொல் ஆகியவற்றை எழுத்தில் ஒப்படைத்து இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். பயன்படுத்தாத காசோலைகளின் முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.